அப்ரண்டிஸ் ஸ்டைபண்ட்: 26-ஆல் வகுப்பதா, 30-ஆலா, மாத நாட்களாலா?

பிப்ரவரி மாதச் சம்பளம் போட்ட மறுவாரம், ஒரு பட்டறையில் ஃபிட்டர் அப்ரண்டிஸாக இருக்கும் பையனின் அப்பா என்னைத் தேடி வந்தார். கையில் பாஸ்புக். "பையன் ஒரு நாள்கூட லீவு போடலீங்க. ஐந்நூறு ரூபாய்க்கு மேல குறையுதே, ஏன்?" என்று கேட்டார். பையனின் ஸ்டைபண்ட் 7,000 ரூபாய். வந்திருந்தது 6,462. பதிவேட்டைப் பார்த்தேன். 24 வேலை நாள், 24 நாளும் வந்திருக்கிறான். கணக்குப் போட்டவர் 7,000-ஐ 26-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கியிருந்தார். பெருக்கலில் பிழை இல்லை, கணக்குதான் தப்பு.

28 நாள் கொண்ட பிப்ரவரியில் எப்போதும் நான்கு ஞாயிறுதான் வரும். மீதி 24 நாள். அந்த முறையில் எந்தப் பையனும் பிப்ரவரியில் முழு ஸ்டைபண்ட் வாங்கவே முடியாது. ஐடிஐ முடித்தவருக்கு 2019 திருத்தப்படி குறைந்தபட்ச ஸ்டைபண்ட் 7,000. அதையே வாங்கும் பையனுக்கு முழு வருகைக்கும் 538 ரூபாய் குறைத்தால், நிறுவனம் தன்னை அறியாமலே சட்ட அளவுக்குக் கீழே போய்விடுகிறது.

சிறு பட்டறைகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பவர்களும் அப்ரண்டிஸ்களும் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: எதால் வகுப்பது? பழகுநர் சட்ட விதிகள் ஸ்டைபண்ட் தொகையைச் சொல்கின்றன, எந்த லீவுக்குப் பிடிக்கலாம் என்று சொல்கின்றன. ஒரு நாளுக்கு எவ்வளவு என்று எதால் வகுத்துக் கண்டுபிடிப்பது என்பதை நிறுவனமே முடிவு செய்துகொள்கிறது. அதனால்தான் ஒரே தெருவில் நான்கு பட்டறை இருந்தால் நான்கு கணக்கு ஓடுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்வி வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, மாதம் முழுக்க வந்தவனுக்கு எந்த மாதமானாலும் முழுத்தொகை வருகிறதா? இதில் தவறும் முறையை மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

இரண்டாவது, அனுமதி வாங்கிப் போட்ட லீவு தொகையைத் தொடாமல் இருக்கிறதா? 1992 பழகுநர் விதிகள் இதில் தெளிவு. கேஷுவல் லீவுக்கும் மெடிக்கல் லீவுக்கும் ஸ்டைபண்ட் பிடிக்கக்கூடாது. அவை தீர்ந்த பிறகு தரும் அசாதாரண விடுப்புக்கு ஸ்டைபண்ட் கிடையாது. 2014 திருத்தத்துக்குப் பிறகு, வருடத்துக்கு எத்தனை நாள் லீவு என்பது அந்தந்த நிறுவனத்தின் நடைமுறையைப் பொறுத்தது. ஆக, மேலதிகாரி கையெழுத்துப் போட்ட லீவிலும் ஸ்டைபண்ட் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை இருக்கிறது. பதிவேட்டில் இரண்டையும் ஒரே எழுத்தால் குறித்தால் பின்னால் பிரிக்க முடியாது.

மூன்றாவது, பாதி மாதத்தில் சேர்ந்தவனுக்கும், நடுவில் காணாமல் போனவனுக்கும் ஒரே சூத்திரம் ஒரே விடையைத் தருகிறதா?

நான்காவது, பிடித்தம் ஏன் இவ்வளவு என்று அந்தப் பையனிடம் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா?

## ஒரு மாதம், ஒரு பையன்

2025 அக்டோபரை எடுத்துக்கொள்வோம். சிக்கலான மாதம், அதனால்தான் எடுக்கிறேன். 31 நாள், ஞாயிறு நான்கு (5, 12, 19, 26). ஒன்றாம் தேதி ஆயுத பூஜை, இரண்டாம் தேதி காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும், 20 திங்கள் தீபாவளி. இந்த மூன்றும் விடுமுறை என்றால் வேலை நாள் 24.

ஸ்டைபண்ட் 7,800 என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று 9, 10 தேதிகளில் கேஷுவல் லீவு கேட்டு வாங்கிப் போனான். அப்புறம் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் 18 சனி, 21 செவ்வாய், 22 புதன் மூன்று நாளும் சொல்லாமல் வரவில்லை. ஆக வந்தது 19 நாள், கேஷுவல் லீவு 2, ஆப்சென்ட் 3.

| முறை | ஒரு நாள் மதிப்பு (ரூ.) | இந்த அக்டோபருக்கு (ரூ.) | ஆப்சென்ட் இல்லாத பிப்ரவரிக்கு (ரூ.) |
|---|---|---|---|
| மாத நாட்களால் (31) வகுத்துக் கழிப்பது | 251.61 | 7,045 | 7,800 |
| எப்போதும் 30-ஆல் வகுத்துக் கழிப்பது | 260 | 7,020 | 7,800 |
| 26-ஆல் வகுத்துக் கழிப்பது | 300 | 6,900 | 7,800 |
| 26-ஆல் வகுத்து நாட்களைக் கூட்டுவது | 300 | 7,200 | 7,200 |
| அந்த மாத வேலை நாளால் (24) வகுத்துக் கழிப்பது | 325 | 6,825 | 7,800 |

நான்காவது வரிசையை நன்றாகப் பாருங்கள். வந்த நாள் 19, லீவு 2, பண்டிகை 3, மொத்தம் 24 நாள் என்று கூட்டி 300-ஆல் பெருக்கினால் 7,200. மூன்று நாள் வராத அக்டோபருக்கும் 7,200, ஒரு நாளும் தவறாத பிப்ரவரிக்கும் 7,200! அக்டோபரில் முழுக்க வந்திருந்தால் 8,100 போயிருக்கும். முதல் கேள்வியிலேயே இந்த முறை தோற்றுவிடுகிறது. அந்த அப்பாவை என்னிடம் அனுப்பிய கணக்கும் இதுதான். 26 என்ற எண்ணைவிட, கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியதுதான் இங்கே கெடுதல் செய்தது.

மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## மாத நாட்களால் வகுப்பது

இதில் ஞாயிறும் பண்டிகையும் ஸ்டைபண்டுக்குள் அடக்கம். மாதத்தில் உள்ள ஒவ்வொரு தேதிக்கும் ஒரே விலை. 31-இல் 3 போனால் 28, அதனால் 31-இல் 28 பங்கு. பையனிடம் சொல்வதற்கு இதைவிடச் சுலபமான வாக்கியம் இல்லை.

இது நன்றாகக் கைகொடுப்பது நடு மாதத்தில் சேர்பவர்களுக்கு. அதே அக்டோபரில் ஒருவன் 21-ஆம் தேதி சேர்ந்தான் என்றால் 11 நாள், 2,768 ரூபாய். வேறு விடைக்கு இடமே இல்லை. 26 முறைக்காரர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் சேர்வதற்கு முந்தைய 14 வேலை நாளைக் கழித்து 3,600 என்பார். இன்னொருவர் பண்டிகை மூன்றையும் சேர்த்து 17 கழித்து 2,700 என்பார். மூன்றாமவர் வந்த பத்து நாளைப் பெருக்கி 3,000 என்பார். ஒரே பையனுக்கு மூன்று தொகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம்.

மறைந்திருக்கும் செலவு முதலாளி பக்கம். அக்டோபர் 3, 4 இரண்டு நாள் மட்டும் வந்துவிட்டு 6-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை ஒருவன் வரவே இல்லை. வராத வேலை நாள் 22. 31-இல் 22 போக 9 நாளுக்கு 2,265 ரூபாய் போகிறது, உழைத்தது இரண்டே நாள். நடுவில் வந்த ஞாயிறுகளும் தீபாவளியும் அவனுக்குக் கணக்கில் ஏறிவிடுகின்றன. இதைக் கண்டதும் பல முதலாளிகள் 26-க்கு ஓடிவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வராவிட்டால் இடையில் வரும் விடுமுறைகளும் ஆப்சென்டாகும் என்று பணியமர்த்தும்போதே எழுத்தில் கொடுத்துவிட்டால் போதும். அப்போது 6 முதல் 31 வரை 26 நாள் கழியும், மிஞ்சும் 5 நாளுக்கு 1,258 ரூபாய்.

இன்னொரு சிறு குறை, நாள் மதிப்பு மாதத்துக்கு மாதம் மாறும். பிப்ரவரியில் ஒரு நாள் ஆப்சென்ட் 278.57, அக்டோபரில் 251.61. இருபத்தேழு ரூபாய் வித்தியாசத்தை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை.

## எப்போதும் 30-ஆல் வகுப்பது

நாள் மதிப்பு வருடம் முழுக்க 260. கையால் கணக்கு எழுதும் சின்ன இடங்களுக்கு வசதி. ஆனால் பிப்ரவரி முழுக்க வராதவனுக்கு 30-இல் 28 போக இரண்டு நாள் காசு மிஞ்சும், 31 நாள் மாதம் முழுக்க வராதவனுக்குக் கழித்தல் குறி வரும். ஓரிரண்டு நாள் ஆப்சென்ட் மட்டுமே வரும் இடமென்றால் இதுவே போதும். ஆட்கள் அடிக்கடி சேர்ந்து விலகும் இடத்துக்கு ஆகாது.

## 26-ஆல் வகுத்துக் கழிப்பது

நம் ஊரில் 26-க்கு ஒரு தனி மரியாதை உண்டு. கிராஜுவிட்டிக் கணக்கில் சட்டமே மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்கச் சொல்கிறது. பட்டறையில் மற்ற தொழிலாளர்களுக்கும் 26 ஓடுகிறது என்றால், அப்ரண்டிஸுக்கு மட்டும் வேறு கணக்கு வைப்பது குழப்பம்தான். அந்த நிலையில் 26-ஐ வைத்துக்கொள்ளலாம், கழித்தல் முறையில் மட்டும்.

இந்த முறையின் பொருள், ஞாயிறுக்குத் தனியாக விலை இல்லை, முழுத்தொகையும் 26 நாள் மேல்தான் நிற்கிறது என்பது. அதனால் ஒரு நாள் ஆப்சென்டுக்கு 300 போகிறது. 31-ஆல் வகுப்பதைவிட 48 ரூபாய் அதிகம். கண்டிப்பு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பிடிக்கும்.

நான் கடுமையாக எதிர்ப்பது இதனோடு சாண்ட்விச் விதியைச் சேர்ப்பதை. விடுமுறைக்கு முன்னும் பின்னும் வராவிட்டால் நடுவில் உள்ள விடுமுறையும் ஆப்சென்ட் என்பதுதான் அந்த விதி. நம் பையன் 18 சனி வரவில்லை, 21 செவ்வாய் வரவில்லை. இடையில் 19 ஞாயிறு, 20 தீபாவளி. அப்படியே பிடித்தால் மூன்று நாள் ஐந்தாகிவிடும். 300 வீதம் 1,500 போய், கைக்கு 6,300 வரும். ஆனால் ஞாயிறுதான் 26-க்குள் இல்லையே! கொடுக்காத நாளுக்குப் பிடிப்பது எப்படி? ஞாயிறின் பங்கை மற்ற நாட்கள் மேல் ஏற்றித்தான் 300 வந்தது. அதன்பின் ஞாயிறுக்கும் 300 பிடித்தால் ஒரே நாளுக்கு இரண்டு முறை பிடித்ததாகிறது. 31-ஆல் வகுக்கும் இடத்தில் சாண்ட்விச் விதி கடுமையாக இருக்கலாம், ஆனால் அங்கே ஞாயிறுக்கு விலை இருப்பதால் கணக்காவது பொருந்தும். ஐந்து நாளுக்கு 1,258 போய் 6,542 வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 242 ரூபாய். ஹாஸ்டலில் தங்கிப் பஸ்ஸில் வந்து போகும் பையனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

26-இல் இன்னொரு ஓட்டை. அக்டோபரில் ஞாயிறு போக 27 நாள். பண்டிகை விடுமுறை எதுவும் இல்லாத 27 நாள் மாதம் ஒன்றில் முழுக்க வராதவனுக்கு 26-இல் 27 போனால் சூத்திரம் மைனஸ் 300 காட்டும். 26 நாள் வராமல் ஒரே ஒரு நாள் வந்தவனுக்குப் பூஜ்யம் காட்டும். வந்த அந்த ஒரு நாளுக்குக் காசு தராமல் விடுவது நியாயமே இல்லை. வராத நாள் பாதி மாதத்தைத் தாண்டினால் வந்த நாளைக் கூட்டும் முறைக்கு மாறுவோம் என்று ஒரு வரி எழுதி வைத்தாக வேண்டும்.

## வேலை நாளால் வகுப்பது

வாரம் ஐந்து நாள் வேலை, பண்டிகை குறைவு என்றால் பரவாயில்லை. நம் ஊர் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இது சரிப்படாது. பண்டிகை கூடக் கூட ஒரு நாள் ஆப்சென்டின் விலை ஏறிக்கொண்டே போகும். தீபாவளி மாதத்தில் 325, பண்டிகையே இல்லாத 27 வேலை நாள் மாதத்தில் 289. ஊருக்குப் போகும் மாதத்தில்தான் அதிகம் பிடிக்கிறார்கள் என்று பையன்களுக்குத் தோன்றும், அது உண்மையும்கூட.

## அடிப்படைத் தொகையும் வருகை ஊக்கத்தொகையும்

வகுப்பதை விட்டுவிட்டு வேறு வழியில் போகிறவர்களும் உண்டு. 7,800-ஐ 7,000 ஸ்டைபண்ட், 800 வருகை ஊக்கத்தொகை என்று பிரிக்கிறார்கள். இரண்டு நாளுக்கு மேல் ஆப்சென்ட் ஆனால் 800 கிடையாது. நம் பையனுக்கு 7,000-இல் 31-க்கு 3 பங்கு, அதாவது 677 போய் 6,323. ஊக்கத்தொகையும் இல்லை.

சனிக்கிழமை காணாமல் போவது வழக்கமாகிவிட்ட பட்டறைகளில் இது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அதே நேரம், மூன்றாவது நாளும் ஆப்சென்ட் ஆனவனுக்கு மாதத்தின் மீதி நாட்களில் வர ஒரு காரணம் குறைந்துவிடுகிறது. எப்படியும் 800 போயாச்சு என்று நாலாவது நாளும் படுத்துவிடுகிறான். 800-ஐ ஒரே வெட்டாக வைக்காமல் முதல் நாளுக்கு 200, இரண்டாம் நாளுக்கு இன்னொரு 200 என்று படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தொல்லை குறைகிறது.

இதில் தவறவே கூடாத விஷயம் ஒன்று. குறைந்தபட்ச ஸ்டைபண்ட் முழுவதும் அடிப்படைத் தொகைக்குள் இருக்க வேண்டும். 6,000 அடிப்படை, 1,000 ஊக்கத்தொகை என்று பிரித்து 7,000 காட்டினால் சட்டப்படி நிற்காது. இன்னொன்று, கேஷுவல் லீவும் மெடிக்கல் லீவும் ஊக்கத்தொகையைக் குறைக்குமா என்பதை முதலிலேயே எழுத வேண்டும். அனுமதி கொடுத்துவிட்டு அதற்காகவே 200 பிடித்தால் அடுத்த முறை யாரும் அனுமதி கேட்டு வரமாட்டார்கள்.

## யாருக்கு எது

அப்ரண்டிஸ்கள் மாதம் நடுவில் சேர்வதும் போவதும் உள்ள இடம், ஸ்டைபண்ட் குறைந்தபட்ச அளவை ஒட்டி இருக்கும் இடம் என்றால் மாத நாட்களால் வகுப்பதைத்தான் நான் சொல்வேன். மற்றத் தொழிலாளர்களுக்கு 26 ஓடும் பழைய பட்டறை என்றால் 26, கழித்தல் மட்டும், சாண்ட்விச் இல்லாமல். சனிக்கிழமைத் தொல்லை தாங்க முடியவில்லை என்றால் மாத நாள் கணக்கின் மேல் ஊக்கத்தொகை. சட்டப்படி எடுத்த அப்ரண்டிஸுக்கு பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் கிடையாது என்பதால், இந்தக் கணக்கில் வரும் தொகையே கைக்குப் போகும் தொகை. தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிந்திருந்தால் அரசின் பங்கு, மாதம் 1,500 வரை, பையன் கணக்குக்குத் தனியாக வரும். பையன்கள் பாஸ்புக்கில் இரண்டு வரவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் பார்த்துப் பயந்துவிடக்கூடாது. அந்தத் திட்டத்தின் போர்ட்டலில் ஏற்றும் நாளும் பதிவேட்டில் உள்ள நாளும் ஒன்றாக இருக்கட்டும்.

மாத நாள் முறைக்கு எக்செலில் ஒரே வரி போதும். A2-இல் அந்த மாதத்தின் முதல் தேதி, B2-இல் ஸ்டைபண்ட், C2-இல் பிடிக்க வேண்டிய நாள், D2-இல் அந்த மாதம் பதிவேட்டில் பெயர் இருந்த நாள்.

```
=ROUND(B2*(D2-C2)/DAY(EOMONTH(A2,0)),0)
```

அக்டோபர் முழுக்க இருந்தவனுக்கு D2 31. நம் பையனுக்கு C2 3, விடை 7045. 21-ஆம் தேதி சேர்ந்தவனுக்கு D2 11, C2 பூஜ்யம், விடை 2768. C2-இல் கேஷுவல் லீவும் மெடிக்கல் லீவும் வரக்கூடாது. ஆப்சென்டும் ஸ்டைபண்ட் இல்லாத லீவும் மட்டும். அரை நாள் என்றால் 0.5.

## பின்னால் வரும் சீட்டு

எந்த முறையை எடுத்தாலும் தகராறு வருவது ஆப்சென்ட் பின்னால் லீவாக மாறும்போதுதான். ஒரு பட்டறைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதிய ஆப்சென்ட் குறியை அழித்து, அதே கட்டத்தில் மெடிக்கல் லீவு என்று மேலே எழுதியிருந்தார்கள். தாள் கிழியும் அளவுக்கு அழித்திருந்தார்கள். யார் மாற்றினார்கள், எப்போது என்று எதுவும் இல்லை. சம்பளம் ஏற்கெனவே ஆப்சென்ட் கணக்கில் போயிருந்தது. அந்தப் பையனுக்கு அந்தக் காசு திரும்பி வரவே இல்லை.

ஒரு மாத ஸ்டைபண்டை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது விதி. ஆகவே 1-ஆம் தேதி பதிவேட்டை மூடி, 5 வரை லீவுச் சீட்டுகளை வாங்கி, அதன்பின் கணக்குப் போட்டால் நேரம் இருக்கிறது. நம் பையன் 21, 22 இரண்டு நாளும் காய்ச்சலில் இருந்ததற்கு டாக்டர் சீட்டை நவம்பர் 12-இல் கொண்டு வருகிறான், நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது என்று வைப்போம். அக்டோபர் பதிவேட்டைத் திருத்த வேண்டாம். நவம்பர் சம்பளத்தில் நிலுவை என்று தனி வரியாகப் போடுங்கள். நாள் மதிப்பு மட்டும் அக்டோபருடையதாக இருக்க வேண்டும். அன்றைக்குப் பிடித்தது 251.61 வீதம், திருப்புவதும் அதே வீதம், இரண்டு நாளுக்கு 503 ரூபாய். நவம்பரின் 260-ஐப் போட்டால் 520 வரும், பிடித்ததும் கொடுத்ததும் பொருந்தாமல் வருடக் கடைசியில் கணக்கு இடிக்கும். அந்த 503-க்குப் பக்கத்தில் "அக்டோபர் 21, 22, மெடிக்கல் லீவு" என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுவிடுங்கள்.